உப்பளத் தொழிலாளர் கண், கால் பாதுகாப்பு நிதி: தொடக்க நாள் அறிமுக உரை

எல்லாருக்கும் காலை வணக்கம்.

முள்ளக்காடு, முத்தையாபுரம், தருவைகுளம், வேப்பலோடை பக்கத்து அளங்களிலிருந்து வந்திருக்கும் அக்காமார்களே, அண்ணாச்சிமார்களே, எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்களே, உப்பள உரிமையாளர்களே, கண் மருத்துவர்களே, வணக்கம். பொங்கல் கழிந்து அளத்தில் வேலை தொடங்குகிற நேரம் இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை விட்டுக்கொடுத்து வந்ததற்கு நன்றி.

முதலில் ஒரு விஷயம். யாரையும் மேடைக்கு அழைத்து, வரிசையாக நிற்க வைத்து, கையில் பொருளைக் கொடுத்துப் படம் எடுக்கிற நிகழ்ச்சி இன்று கிடையாது. இங்கே பொருளே இல்லை, அது பங்குனிக்குப் பிறகுதான் வரும். இன்றைக்குத் திட்டத்தைச் சொல்கிறோம், கணக்கைச் சொல்கிறோம், பணம் கேட்கிறோம். அளத்தில் வேலை பார்ப்பவர்கள் முன் வரிசையில் இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தத் திட்டத்தில் பாதி அவர்கள் போட்டது. நான் தப்பாகச் சொன்னால் இங்கேயே திருத்துவார்கள்.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்காக வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு அதிகம் விளையும் மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு நம் தூத்துக்குடி மாவட்டத்துடையது. இது நமக்கெல்லாம் தெரியும், பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் உப்பு எப்படி விளைகிறது என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் 'கடல் தண்ணீர் வெயிலில் காயும், உப்பு வரும்' என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காய்வது மட்டும் என்றால் யாரும் தேவையில்லை. கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள்தான் இருக்கின்றன, அவையும் பல வகை. இங்கே பல அளங்களில் கடல் தண்ணீருக்குப் பதிலாக போர்வெல்லில் எடுக்கும் நிலத்தடி உப்புநீரைப் பயன்படுத்துகிறார்கள். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி மாற்றி வற்றவிட வேண்டும். முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படியும். கிட்டத்தட்ட 25 டிகிரிக்கு வந்த பிறகுதான் நாம் சாப்பிடுகிற உப்பு படியத் தொடங்கும். அந்த டிகிரி, உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் பூமே என்கிற அளவு, வெயிலின் டிகிரி அல்ல. 29, 30 தாண்டி விட்டுவிட்டால் மெக்னீசியம் கலந்துவிடும். உப்பு கசக்கும், ஈரம் பிடிக்கும். அதற்கு முன்னால் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். அப்புறம் படிந்த உப்பைப் பலகையால் வாருவது. பலகை கொஞ்சம் ஆழமாக இறங்கினால் அடிச்சேறு ஏறி உப்பு கறுக்கும். மேலோட்டமாக இழுத்தால் விளைந்தது பாதி பாத்தியிலேயே கிடக்கும். மழைக்காலம் முடிந்ததும் சேற்றை அகற்றி, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவதும் இதே ஆட்கள்தான். தரை சரியாக அமையாத பாத்தியில் வருஷம் முழுக்க நல்ல உப்பு எடுக்க முடியாது.

இதெல்லாம் கைப்பழக்கமும் கண் கணக்கும் சேர்ந்த தொழில். பல வருஷம் வாரியவர்கள் மீட்டரைப் போடுவதற்கு முன்பே தண்ணீரின் நிறத்தைப் பார்த்து டிகிரி சொல்லிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட கண்ணைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

வெள்ளை உப்பின் மேல் விழும் வெயில் திரும்பி முகத்தில் அடிக்கும். தலையில் துண்டைச் சுற்றினாலும் கீழேயிருந்து வரும் கூச்சத்தை அது தடுக்காது. வருஷக் கணக்கில் இப்படி வெயிலில் இருப்பவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வதும், சிலருக்குக் கண்புரை சீக்கிரம் வருவதும் மருத்துவர்கள் அறிந்த விஷயம். காலைப் பொறுத்தவரை, உப்புநீரிலேயே நிற்பதால் தோல் வெடிக்கும். வெடிப்பில் உப்பு இறங்கினால் புண் ஆறாமல் இழுக்கும்.

சரி, இதற்கு மேல் நான் வர்ணிக்கப் போவதில்லை. 'இருளில் தவிக்கும் கண்கள்' என்று ஒரு பேனர் போடலாம் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் ஆசைப்பட்டார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். இங்கே யாரும் இருளில் தவிக்கவில்லை. இவர்கள் விடிவதற்கு முன்பே அளத்துக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, சீட்டு கட்டி, வீடு நடத்துகிற மனிதர்கள். வேலைக்கேற்ற பாதுகாப்புச் சாமான் கையில் இல்லை. குறை அவ்வளவுதான்.

இந்தத் திட்டம் தொடங்கிய கதையும் சின்னதுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து போனது, வரப்புகள் உடைந்தன. அப்போது அரிசியும் பாயும் எடுத்துக்கொண்டு போன எங்கள் ஆட்களிடம் ஓர் அக்கா, 'அரிசி சரி தம்பி. அடுத்து ஏதாவது செய்வதாக இருந்தால் எங்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்' என்றார். அதற்குப் பிறகுதான் கேட்கவே ஆரம்பித்தோம்.

கேட்டபோது வந்த பதில்கள் நாங்கள் நினைத்தவை அல்ல. எல்லாருக்கும் கம்பூட்ஸ் என்று நாங்கள் யோசித்திருந்தோம். தலைச்சுமை தூக்கும் பெண்கள் அது வேண்டாம் என்றார்கள். பாரத்தோடு வரப்பில் நடக்கும்போது காலுக்குத் தரை தெரிய வேண்டும், பூட்ஸ் போட்டால் சறுக்கும். வாருபவர்களில் பலர் கேட்டார்கள், ஆனால் முழங்கால் உயரம் வேண்டாம், உள்ளே உப்புநீர் புகுந்தால் வெளியே போக வழியில்லை என்றார்கள். கூலிங் கிளாஸ் எல்லாரும் கேட்டார்கள். ஒன்று போதாது, வியர்வை படிந்து மங்கினால் மாற்றிக்கொள்ள இன்னொன்று வேண்டும் என்றார்கள். யாருமே எதிர்பார்க்காத ஒன்றும் வந்தது: நிழல், குடிதண்ணீர், கழிப்பறை. பெண்கள் இதைத்தான் முதலில் சொன்னார்கள். வேலை முடியும் வரை தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டிருப்பது உடம்புக்கு என்ன செய்யும் என்று மருத்துவர்கள் பிறகு பேசுவார்கள்.

ஆகவே கணக்கு இப்படி. நான்கு இடங்களையும் சேர்த்து 412 பேர். ஆளுக்கு இரண்டு கண்ணாடி, ஒன்று 350 ரூபாய் வீதம், 2,88,400 ரூபாய். பூட்ஸ் கேட்டவர்கள் 265 பேர், ஜோடி 480 வீதம் 1,27,200. மூன்று இடங்களில் கூரையும் தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் கொண்ட ஓய்வுக் கொட்டகை, ஒன்றுக்கு 1,20,000 வீதம் 3,60,000. கண் பரிசோதனை நாளுக்கு வண்டி, படிக்கிற கண்ணாடி, இதர செலவு 45,000. மொத்தம் 8,20,600 ரூபாய். முன்னாள் மாணவர்கள் நாங்கள் இதுவரை 2,14,000 சேர்த்துவிட்டோம். மீதி 6,06,600 ரூபாயைத்தான் மார்ச் கடைசிக்குள் சேர்க்க வேண்டும். நாலாவது இடத்தில் ஏன் கொட்டகை இல்லை என்று கேட்பீர்கள். அங்கே நிலத்துக்காரர் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கிறோம். மற்ற மூன்று இடத்து உரிமையாளர்களும் அனுமதி கொடுத்ததோடு, தினமும் தொட்டியில் தண்ணீர் நிரப்பும் செலவையும் ஏற்றிருக்கிறார்கள். அவர்களும் இங்கே இருக்கிறார்கள், நன்றி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வேலைக்கு வருபவருக்குப் பாதுகாப்புச் சாமானும் தண்ணீரும் கழிப்பறையும் கொடுக்க வேண்டியது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. கூலி பேசுவது தொழிற்சங்கத்தின் வேலை. மழைக்கால மூன்று மாதத்துக்கு அரசு 2022 முதல் கொடுத்துவரும் 5,000 ரூபாய் நிவாரணம் தொழிலாளர்களின் உரிமை. இந்த நிதி இவற்றில் எதற்கும் மாற்று இல்லை. இதைக் காட்டி யாராவது கூலியைக் குறைத்தால் நாங்களும் சங்கத்தோடு சேர்ந்து கேட்போம். உரிமையாளர்கள் சிரிக்கிறார்கள், நல்ல சிரிப்பு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பெரிய வாக்குறுதியும் எதுவும் கிடையாது. கண்ணாடி போட்டால் கண்புரை வராது என்று நாங்கள் சொல்லவில்லை. கூச்சம் குறையும், புற ஊதாக் கதிர் கண்ணில் படுவது குறையும், அவ்வளவுதான். புரை இருப்பவர்களுக்கு அறுவை சிகிச்சைதான் வழி. அது அரசு மருத்துவமனையில் இலவசமாகவே நடக்கிறது. பரிசோதனையில் தெரிய வந்தால் எந்த நாளில் போக வேண்டும், கூட யார் வருவார்கள், அன்றைய கூலி போனால் என்ன செய்வது என்பதை மட்டும் நாங்கள் கவனித்துக்கொள்வோம். யாருக்கு என்ன கோளாறு என்பது அவருக்கும் மருத்துவருக்கும் இடையில் இருக்கும். எங்கள் குழுவுக்குக்கூட பட்டியல் வராது.

சாமானைப் பிரித்துக் கொடுப்பது தொழிலாளர்களிலிருந்தே தேர்ந்தெடுத்த எட்டுப் பேர் குழு. அதில் ஐந்து பேர் பெண்கள். பொருள் அளத்து வாசலில் வைத்து, அளவு பார்த்து, கையெழுத்து வாங்கிக் கொடுக்கப்படும். பூட்ஸ் கடித்தால் ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம், அதற்காகவே கொஞ்சம் கூடுதல் ஜோடிகளைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனையில் தருகிறார். வாங்குபவர்களின் படம் எங்கேயும் போடப்படாது. கொடுப்பவர்களின் பெயர் ரசீதிலும் வருஷக் கணக்கிலும் இருக்கும், கண்ணாடியின் காதிலோ பூட்ஸின் குதிகாலிலோ இருக்காது. இதில் ஏமாற்றம் அடைபவர்கள் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், சண்டை இல்லாமல் முடித்துக்கொள்வோம்.

வரவு செலவுக் கணக்கு மாதம் முடிந்த முதல் வாரத்தில் நான்கு இடங்களிலும் பலகையில் ஒட்டப்படும். பணம் மிஞ்சினால் அதை என்ன செய்வது என்று அந்த எட்டுப் பேர் குழுவே முடிவு செய்யும்.

பணம் கொடுக்க விரும்புபவர்களுக்கு வாசல் பக்கத்து மேசையில் ரசீதுப் புத்தகம் இருக்கிறது. தொகை எவ்வளவு என்று மைக்கில் வாசிக்க மாட்டோம். கண் மருத்துவம், கொத்து வேலை, பிளம்பிங் தெரிந்தவர்கள் பணத்துக்குப் பதிலாக ஒரு நாள் உழைப்பைக் கொடுக்கலாம். கொட்டகை வேலைக்கு இரண்டு கொத்தனார்கள் இப்போதே உடனடியாகத் தேவை.

அடுத்து வேப்பலோடையிலிருந்து வந்திருக்கும் அக்கா பேசுவார். மாதிரிக்கு வாங்கிய மூன்று வகைக் கண்ணாடிகளையும் அளத்தில் போட்டுப் பார்த்தவர் அவர்தான். இரண்டை ஏன் தள்ளிவிட்டார், மூன்றாவதை ஏன் ஒத்துக்கொண்டார் என்று சொல்வார். கடைக்காரரும் வந்திருக்கிறார், அவரும் கவனமாகக் கேட்டுக்கொள்ளட்டும். அதன் பிறகு மருத்துவர் பேசுவார், ஒரு மணிக்குச் சாப்பாடு. அக்கா, மைக் உங்களுக்கு.