அசைவு உடற்பயிற்சி ஆப்: 14 நாள் இலவசக் காலத்துக்கும் அதற்குப் பிறகுமான செய்திகள்

மாதிரிக் கணக்கு: கவிதா. ஜூன் 2, திங்கள் காலை சேர்ந்தார். இலக்கு: மூன்று மாடியை நிற்காமல் ஏறுவது. பயிற்சி திங்கள், புதன், வெள்ளி காலை 6:15. மாதச் சந்தா ₹249, யு.பி.ஐ. ஆட்டோபே. பணம் பிடிக்கும் நாள் ஜூன் 16. வாட்ஸ்அப்பும் போன் திரையில் வரும் புஷ் அறிவிப்பும் பேச்சு நடையில் போகும். மின்னஞ்சலும் ஆப் திரையும் எழுத்து நடையில்.

ஜூன் 2, சேர்ந்ததும் ஆப் திரையில்

வணக்கம் கவிதா. ஜூன் 15 இரவு வரை எல்லாப் பயிற்சியும் இலவசம். ஜூன் 16 காலை ₹249 பிடிக்கப்படும். அதற்கு நான்கு நாள் முன்பு, ஜூன் 12 அன்று, நாங்களே மின்னஞ்சலில் நினைவூட்டுவோம்.

இன்றே சந்தாவை நிறுத்தினாலும் 15-ஆம் தேதி வரை பயிற்சி அப்படியே ஓடும். "மறந்துவிடுவேன்" என்ற பயம் இருந்தால் இப்போதே நிறுத்திவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

உங்கள் யு.பி.ஐ. ஆப்பில் "அதிகபட்சம் ₹1,799" என்று காட்டியிருக்கும். அது உச்சவரம்பு மட்டுமே. பின்னாளில் நீங்களாக ஆண்டுச் சந்தாவுக்கு மாறினால் மறுபடி பின் போட வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறோம். பிடிக்கப்போவது ₹249.

[12 நிமிடப் பயிற்சியைத் தொடங்கு]  [சந்தாவை இப்போதே நிறுத்து]

முதல் பயிற்சிக்கு முன், ஆப் திரையில்

முதலில் ஒரு சின்ன அளவீடு. கைப்பிடி இல்லாத, நகராத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி வேண்டாம். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பாதி எழுந்தது கணக்கில் சேராது. தலைசுற்றல், நெஞ்சில் இறுக்கம், மூட்டில் கூர்மையான வலி எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் எண்: 11. குறித்துக்கொண்டோம். ஜூன் 13 அன்று மறுபடி எண்ணுவோம்.

ஜூன் 3 இரவு 8:00, வாட்ஸ்அப்

கவிதா, நாளைக்குக் காலைல தொடை பிடிச்ச மாதிரி இருக்கலாம். மாடிப்படி இறங்கும்போது இன்னும் நல்லாத் தெரியும். புதுசா வேலை குடுத்த தசைக்கு 24-லேர்ந்து 72 மணி நேரத்துக்குள்ள வர்ற சாதாரண வலிதான் அது. காயம் இல்லை.

அதனால நாளைய பயிற்சியை விட வேண்டாம், குறைச்சுச் செய்ங்க. நாற்காலி ஸ்குவாட் 8-க்குப் பதிலா 5. சுவர் புஷ்-அப் வழக்கம்போல 8. இடுப்புத் தூக்கல் 6. எல்லாம் ஒரே சுற்று. மூட்டு வீங்கியிருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் குத்துற மாதிரி வலிச்சாலோ மட்டும் செய்யாதீங்க.

இந்த மெசேஜ் வேண்டாம்னா "நிறுத்து"ன்னு அனுப்புங்க. பணம் பத்தின தகவல் மட்டும் மின்னஞ்சல்ல வரும்.

ஜூன் 4 காலை 6:05, புஷ்

தொடை வலிக்குதா? இன்னைக்கு ஒரு சுற்றுதான், 7 நிமிஷம்.

ஜூன் 6 மாலை 6:30, வாட்ஸ்அப் (சேர்ந்து ஐந்து நாளாகியும் ஒரு பயிற்சியும் தொடங்காதவருக்கு மட்டும், மாதிரி: செந்தில், இரவு 9:00 நேரம் தேர்ந்தவர்)

செந்தில், இன்னும் ஆரம்பிக்கலை, பரவாயில்லை. இரவு 9 மணி உங்களுக்குச் சரிப்படலைன்னு தோணுது. சாப்பிட்ட உடனே குனிஞ்சு நிமிர யாருக்கும் மனசு வராது. கீழே ஒண்ணைத் தட்டுங்க, நேரத்தை நாங்களே மாத்திடறோம்.

[காலை 6:00]  [ஆபீஸ் போறதுக்கு முன்னாடி 8:00]  [மாலை 6:30]

மூணும் ஒத்துவராதுன்னா இப்பவே நிறுத்திக்கலாம், 16-ம் தேதி பணம் போகாது: [சந்தாவை நிறுத்து]

ஜூன் 8, ஞாயிறு காலை 10:00, வாட்ஸ்அப்

மூணுக்கு மூணு முடிச்சிட்டீங்க கவிதா. மெஷின்ல ஏறிப் பார்த்து எடை குறையலைன்னு நினைச்சா, இந்த வாரம் அதை நம்பாதீங்க. உப்பு, தண்ணி, மாதவிடாய் இதுகளாலயே ஒண்ணு ரெண்டு கிலோ ஏறி இறங்கும். உங்க இலக்கு எடை இல்லை, மாடி. அதை மட்டும் பார்ப்போம்.

அடுத்த வாரம்: ஸ்குவாட் 10, புஷ்-அப் 10, இடுப்புத் தூக்கல் 12, ரெண்டு சுற்று. சுற்றுக்கு நடுவில 45 வினாடி.

ஜூன் 9 மாலை 7:00, புஷ் (காலைப் பயிற்சி நடக்காததால்)

இன்னைக்கு விட்டுப்போச்சு. ஈடுகட்ட வேண்டாம், புதன்கிழமை பார்ப்போம்.

ஜூன் 11 காலை 6:05, புஷ்

6 நிமிஷப் பயிற்சி திறந்திருக்கு. நல்லா இருந்தா முழுசையும் செய்ங்க.

ஜூன் 12 காலை 9:00, மின்னஞ்சல்

பொருள்: ஜூன் 16 அன்று ₹249 பிடிக்கப்படும்

வணக்கம் கவிதா,

உங்கள் இலவசக் காலம் ஞாயிறு இரவோடு முடிகிறது. திங்கள் காலை உங்கள் யு.பி.ஐ. கணக்கிலிருந்து ₹249 எடுத்துக்கொள்வோம். வரி உட்பட அவ்வளவுதான்.

இடையில் உங்கள் வங்கியிடமிருந்து இன்னொரு அறிவிப்பும் வரும். தானாகப் பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தச் செய்தியில் எங்கள் ஆப்பின் பெயருக்குப் பதில் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர் இருக்கலாம். தொகை ₹249, தேதி 16 என்று இருந்தால் அது நாங்கள்தான். அதில் யாராவது ஓ.டி.பி. அல்லது பின் கேட்டால் அது நாங்கள் இல்லை.

நிறுத்த வேண்டும் என்றால்: ஆப்பில் சுயவிவரம், அதில் சந்தா, அதில் நிறுத்து. ஜூன் 15 இரவு 11:59 வரை செய்யலாம். உங்கள் யு.பி.ஐ. ஆப்பின் ஆட்டோபே பகுதிக்குள் போயும் ரத்து செய்யலாம். அப்படிச் செய்வதாக இருந்தால் 14-ஆம் தேதிக்குள் செய்துவிடுங்கள். வங்கி அறிவிப்பு கிளம்பிய பிறகு ரத்து செய்தால் சில நேரம் அந்த ஒரு தவணை போய்விடும். அப்படிப் போனால் எழுதுங்கள், முழுத் தொகையையும் திருப்பித் தருகிறோம். ஆப்பை போனிலிருந்து நீக்குவது மட்டும் சந்தாவை நிறுத்தாது. பலரும் சிக்குவது இதில்தான்.

தொடர வேண்டும் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். மூன்றாம் வாரத்திலிருந்து படி ஏறி இறங்கும் பயிற்சி சேர்கிறது. முதல் இரண்டு வாரமும் அதற்குக் காலைத் தயார் செய்ததுதான். எட்டாம் வாரம் மூன்று மாடி.

ஆண்டுச் சந்தா ₹1,799. மாதக் கணக்கோடு ஒப்பிட்டால் ₹1,189 மிச்சம். ஆனால் இப்போது எடுக்க வேண்டாம். இரண்டு மாதம் செய்து, வாரம் மூன்று நாள் உங்களுக்குப் பழகிவிட்டது என்று தெரிந்த பிறகு எடுங்கள். விலை அப்போதும் இதேதான்.

அசைவு பயிற்சிக் குழு

*(பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்தவருக்கு நிறுத்தும் பத்தி மட்டும் மாறும்)* நிறுத்த வேண்டும் என்றால்: கூகுள் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தட்டி, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், அதில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், அதில் அசைவு. எந்த ஜிமெயிலில் வாங்கினீர்களோ அதில் இருந்தால்தான் அங்கே தெரியும்.

*(ஐபோனில் சேர்ந்தவருக்கு)* செட்டிங்ஸ் திறந்து, மேலே உங்கள் பெயர், அதில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ். புதுப்பிக்கும் நேரத்துக்கு 24 மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். ஜூன் 14-க்குள் செய்தால் சிக்கல் இல்லை.

ஜூன் 13, பயிற்சி முடிந்ததும் ஆப் திரையில்

30 வினாடியில் 14. முதல் நாள் 11.

இரண்டு வாரத்தில் தசை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளராது. இந்த மூன்று, உங்கள் நரம்பும் தசையும் சேர்ந்து வேலை செய்யப் பழகியதால் வந்தது. வலு இப்படித்தான் தொடங்கும். இங்கே நிறுத்தினால் இதுவும் மெல்லக் குறையும்.

[3-ஆம் வாரத்தைப் பார்]

ஜூன் 15 காலை 11:00, புஷ்

நாளை காலை ₹249. தொடரலாம், அல்லது இங்கே தட்டி நிறுத்தலாம்.

*(இரண்டாவது புஷ் வேண்டாம். "இன்னும் 3 மணி நேரமே" வகை எதுவும் வேண்டாம்.)*

நிறுத்து பொத்தானைத் தட்டியதும், ஆப் திரையில்

நிறுத்திவிடுகிறோம். அதற்கு முன், இதில் எது உங்களுக்குப் பொருந்தும்?

[ஊருக்குப் போகிறேன், உடம்பு சரியில்லை: 30 நாள் தள்ளிவை, பணம் பிடிக்காது]
[வாரம் மூன்று நாள் முடியவில்லை: ஒரு நாள் பயிற்சி, மாதம் ₹99]
[வேண்டாம், நிறுத்திவிடு]

*(மூன்றாவது பொத்தானும் மற்ற இரண்டின் அதே அளவு, அதே நிறம். தட்டியதும் வேறு கேள்வி இல்லாமல் கீழே உள்ள வரி வரும்.)*

நிறுத்தியாயிற்று. ஜூன் 16 அன்று பணம் பிடிக்கப்படாது. ஞாயிறு இரவு வரை பயிற்சி உங்களுடையது.

ஜூன் 16 காலை, பணம் வந்ததும் மின்னஞ்சல்

பொருள்: ₹249 வந்தது. இன்று படி ஏறுகிறோம்

கவிதா, ₹249 கிடைத்தது. ரசீது இணைப்பில். அடுத்த தவணை ஜூலை 16.

தவறுதலாகப் போய்விட்டது என்றால் ஜூன் 23-க்குள் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடுங்கள். காரணம் கேட்க மாட்டோம். பணம் வந்த கணக்குக்கே திரும்பும். வங்கியைப் பொறுத்துச் சில நாள் ஆகலாம்.

இன்று 15 நிமிடம். வீட்டு வாசற்படி ஒன்று போதும். வலது கால் முதலில் 8 முறை, இடது கால் முதலில் 8 முறை. முழுப் பாதமும் படியில் பதியட்டும். குதிகால் வெளியே தொங்கினால் முட்டியில்தான் சுமை ஏறும். ஈரப்படியில் செய்ய வேண்டாம். கோலம் போட்ட ஈரம் காயட்டும்.

பணம் பிடிக்க முடியாவிட்டால், ஜூன் 16 மாலை, வாட்ஸ்அப்

கவிதா, ₹249 வரலை. கணக்குல இருப்பு போதலைன்னு வங்கி சொல்லுது. பயிற்சியை மூடலை. ஜூன் 19 காலைல இன்னொரு முறை மட்டும் முயற்சி பண்ணுவோம். அன்னைக்கும் வரலைன்னா தானா நின்னுடும், பாக்கின்னு எதுவும் நிக்காது.

ஜூன் 20 மாலை 7:00, வாட்ஸ்அப் (தொடர்பவருக்கு)

மூணாவது வாரத்துலதான் நிறையப் பேருக்குச் சலிக்கும். புதுசுன்னு இருந்த ஆர்வம் போயிருக்கும், மாற்றம் கண்ணாடியில இன்னும் தெரியாது. அதனால அடுத்த வாரம் மூணு நாள்ல ஒண்ணை நீங்களே தேர்ந்தெடுங்க:

[நடை, 20 நிமிஷம்: பேச முடியணும், பாட முடியக் கூடாது]
[படி ஏறி இறங்கல், 15 நிமிஷம்]
[வழக்கமான பயிற்சி]

ஜூன் 23 காலை, மின்னஞ்சல் (15-க்குள் நிறுத்தியவருக்கு, ஒரே ஒரு முறை)

பொருள்: உங்கள் 14 இங்கேயே இருக்கிறது

கவிதா, நீங்கள் செய்த பயிற்சிகளும் நாற்காலி எண்ணிக்கையும் டிசம்பர் 15 வரை அழியாது. திரும்பி வந்தால் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டாம் வாரத்திலிருந்து போகலாம். இடைவெளி ஒரு மாதத்தைத் தாண்டியிருந்தால் முதல் வாரத்தையே ஒரு சுற்றாக மறுபடி செய்வது நல்லது.

ஆப் இல்லாமல் செய்வதாக இருந்தால்: நாற்காலி ஸ்குவாட் 10, சுவர் புஷ்-அப் 10, இடுப்புத் தூக்கல் 12, இரண்டு சுற்று, வாரம் இரண்டு நாளாவது. மற்ற நாளில் நடை. வாரத்தில் 150 நிமிடம் மிதமான உடலசைவு, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பதே உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு.

தரவை இப்போதே அழிக்க வேண்டும் என்றால்: [எல்லாவற்றையும் அழி]

ஜூலை 12 காலை 9:00, மின்னஞ்சல்

பொருள்: ஜூலை 16 அன்று ₹249

கவிதா, இந்த மாதம் 12 பயிற்சிகளில் 9 செய்திருக்கிறீர்கள். இரண்டு மாடி நிற்காமல் ஏறுகிறீர்கள் என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். நிறுத்தவோ, 30 நாள் தள்ளிவைக்கவோ, ₹99-க்கு மாறவோ ஜூலை 15 இரவு வரை நேரம் இருக்கிறது: சுயவிவரம், சந்தா. இல்லையென்றால் திங்கள் 6:15-க்கு ஏழாம் வாரத்தின் முதல் பயிற்சி திறக்கும்.