பற்று நோட்டு செயலி: தனியுரிமைக் கொள்கை

நடைமுறைக்கு வரும் நாள்: 2026 பிப்ரவரி 2. ஆண்ட்ராய்டு பதிப்பு 1.0-க்கும் அதன் பின் வரும் பதிப்புகளுக்கும் பொருந்தும்.

பற்று நோட்டு, கடன் கொடுத்து வியாபாரம் செய்பவர்களுக்கான கணக்குச் செயலி. யார் என்ன வாங்கினார், எவ்வளவு கொடுத்தார், பாக்கி எவ்வளவு என்பதை எழுதி வைக்கலாம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்து நான் தனியாளாக இதை உருவாக்கி வெளியிடுகிறேன். பின்னால் நிறுவனமோ முதலீட்டாளரோ கிடையாது. செயலி இலவசம், விளம்பரம் இல்லை, உள்ளே வாங்குவதற்கும் எதுவும் இல்லை.

சுருக்கமாக

நீங்கள் இதில் எழுதும் எதுவும் என்னிடம் வராது. பெயர், தொகை, தேதி எல்லாம் உங்கள் போனிலேயே இருக்கும். மொபைல் எண், ஓடிபி, மின்னஞ்சல் எதையும் செயலி கேட்காது. நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் "காப்பு எடுப்பது" என்ற பகுதியை மட்டும் தயவுசெய்து படித்துவிடுங்கள்.

நோட்டில் இருப்பது யாருடைய தகவல்

பெரும்பாலான செயலிகளின் கொள்கை, போன் வைத்திருப்பவரின் தகவலைப் பற்றித்தான் பேசும். இந்த நோட்டில் இருக்கும் பெயர்களோ அநேகமாக வேறு ஆட்களுடையவை. முதுநகர் துறைமுகத்தில் ஏலக்காரரிடம் கடனுக்கு மீன் எடுத்துப்போய்க் கூடையில் விற்கும் அக்கா, சம்பளம் வந்ததும் தருகிறேன் என்று மளிகைக்கடையில் அரிசி, எண்ணெய் வாங்கும் குடும்பம், டீக்கடையில் வாரக் கணக்கு வைத்திருக்கும் ஆட்டோக்காரர். இவர்கள் யாரும் இந்தச் செயலியை இறக்கவில்லை. எந்த நிபந்தனைக்கும் "சம்மதம்" அழுத்தவில்லை. ஆனாலும் அவர்களுடைய பாக்கி இதில் இருக்கிறது.

ஒருவர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பது அவருக்கும் கடைக்காரருக்கும் மட்டுமே தெரிய வேண்டிய விஷயம். வெளியே தெரிந்தால் மானப் பிரச்சினை. அதனால்தான் "உங்கள் தகவலைப் பாதுகாப்பாக எங்கள் சர்வரில் வைத்திருக்கிறோம்" என்று சொல்லும் வழிக்கே நான் போகவில்லை. சர்வரே இல்லை.

செயலி கேட்கும் அனுமதிகள்

ஆண்ட்ராய்டில் ஒரு செயலி இணையத்தைத் தொட வேண்டுமானால் `android.permission.INTERNET` என்ற அனுமதியைத் தன் கோப்பில் அறிவித்திருக்க வேண்டும். பற்று நோட்டு அதை அறிவிக்கவில்லை. போனில் டேட்டா ஓடிக்கொண்டிருந்தாலும் இந்தச் செயலியால் தானாக எதையும் வெளியே அனுப்ப முடியாது. என் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஸ்டோரில் செயலியின் விவரத்தைத் திறந்து அனுமதிப் பட்டியலைப் பார்த்தால் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். அறிவித்திருப்பவை இவை மட்டுமே:

```xml
<uses-permission android:name="android.permission.POST_NOTIFICATIONS" />
<uses-permission android:name="android.permission.RECEIVE_BOOT_COMPLETED" />
<uses-permission android:name="android.permission.USE_BIOMETRIC" />
```

முதலாவது, சாயங்காலம் "இன்றைய கணக்கு எழுதிவிட்டீர்களா" என்று நினைவூட்ட. ஆண்ட்ராய்டு 13 முதல் இதற்கு உங்களிடம் கேட்டுத்தான் அனுமதி பெற முடியும். மறுத்தாலும் கணக்கு எழுதுவதில் எந்தக் குறையும் வராது. கல்லாப்பெட்டி மேல் கிடக்கும் போனில் யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம் என்பதால், அந்த நினைவூட்டலில் வாடிக்கையாளர் பெயரோ தொகையோ ஒருபோதும் வராது. இரண்டாவது, போனை அணைத்துப் போட்டபின் நினைவூட்டலை மறுபடி அமைக்க. மூன்றாவது, விரல்ரேகை வைத்துத் திறக்க விரும்புபவர்களுக்கு. உங்கள் விரல்ரேகையை ஆண்ட்ராய்டு எந்தச் செயலிக்கும் கொடுப்பதில்லை; "சரி" அல்லது "தவறு" என்ற பதில் மட்டுமே செயலிக்கு வரும்.

தொடர்புப் பட்டியல், கேமரா, மைக், இருப்பிடம், எஸ்.எம்.எஸ். ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கவில்லை. வாடிக்கையாளர் பெயரை நீங்களேதான் தட்டச்சு செய்ய வேண்டும். இது கொஞ்சம் சிரமம்தான். ஆனால் நாற்பது பேர் கணக்குக்காக உங்கள் போனில் உள்ள அத்தனை எண்களையும் படிக்கும் அனுமதியை வாங்குவது நியாயமில்லை என்று நினைத்தேன்.

போனுக்குள் எப்படி இருக்கிறது

கணக்கு முழுவதும் செயலிக்கென்று ஆண்ட்ராய்டு ஒதுக்கும் தனி இடத்தில் இருக்கும். சாதாரணமாக வேறு செயலிகளால் அதைத் திறக்க முடியாது. ரகசிய எண் வைத்தால் திறக்கும்போதெல்லாம் கேட்கும். ஸ்க்ரீன்ஷாட் எடுக்க முடியாதபடியும், சமீபத்தில் திறந்த செயலிகளின் வரிசையில் கணக்கு தெரியாதபடியும் செய்திருக்கிறேன்.

ஒருவருடைய கணக்கை நீக்கினால் அது உடனே அழியும். குப்பைத்தொட்டி எதுவும் இல்லை. திரும்பக் கொண்டுவர முடியாது. பாக்கியை முழுதும் தீர்த்தவர் "என் பேரை எடுத்துடுங்க" என்று கேட்டால், அவர் பக்கத்தைத் திறந்து "கணக்கை நீக்கு" அழுத்துங்கள். முன்பே எடுத்த காப்புக் கோப்பில் அவர் பெயர் இன்னும் இருக்கும் என்பதால், புதிதாக ஒரு காப்பு எடுத்துவிட்டுப் பழையதை அழித்துவிடுங்கள்.

கீபோர்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை

நீங்கள் தட்டச்சு செய்யும் கீபோர்டு ஒரு தனிச் செயலி. அதற்குப் பெரும்பாலும் இணைய அனுமதி உண்டு. அடுத்த தடவை சுலபமாகக் காட்டுவதற்காக, நீங்கள் அடிக்கும் பெயர்களை அது கற்றுக்கொள்ளவும் கூடும். "இங்கே எழுதுவதைக் கற்றுக்கொள்ளாதே" என்ற குறிப்பை பற்று நோட்டு ஒவ்வொரு பெட்டியிலும் கீபோர்டுக்குக் கொடுக்கிறது. ஆனால் அது ஒரு வேண்டுகோள்தான். மதிப்பதும் மதிக்காததும் அந்தக் கீபோர்டின் கையில். பேசி எழுதும் வசதியைப் பயன்படுத்தினால் உங்கள் குரல் அந்தக் கீபோர்டு நிறுவனத்தின் சர்வருக்குப் போகலாம். ஊர் பேர் தெரியாத கீபோர்டுகளை வைத்துக் கடன் கணக்கு எழுத வேண்டாம்.

காப்பு எடுப்பது

உங்கள் கணக்கின் நகல் என்னிடம் இல்லை. ஆகவே போன் தொலைந்தாலும், உடைந்தாலும், தண்ணீரில் போனாலும் என்னால் ஒரு வரியைக்கூட மீட்டுத்தர முடியாது. இந்தப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு இது வெறும் பேச்சல்ல. 2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அது போன கையோடு தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று கடலூரும் புதுச்சேரியும் பார்த்தாயிற்று. காகித நோட்டும் நனையும், போனும் நனையும்.

கூகுள் டிரைவில் தானாக நகல் எடுக்கும் ஆண்ட்ராய்டு வசதியை இந்தச் செயலிக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் பெயர்கள் உங்களுக்கே தெரியாமல் இன்னொரு இடத்துக்குப் போகக்கூடாது என்பதே காரணம். அதற்குப் பதிலாக "காப்பு எடு" என்ற பொத்தான் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் கடவுச்சொல்லால் பூட்டப்பட்ட ஒரே கோப்பாக, நீங்கள் காட்டும் இடத்தில் அது சேமிக்கும். மெமரி கார்டிலோ, வீட்டுக் கணினியிலோ, பென் டிரைவிலோ வைத்துக்கொள்ளுங்கள். டிரைவில்தான் வைக்க வேண்டும் என்றாலும் தடையில்லை. அது உங்கள் முடிவு. அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் கோப்பை என்னாலும் திறக்க முடியாது.

செயலியை நீக்கினால் உள்ளே இருக்கும் கணக்கும் சேர்ந்தே அழியும். நீங்கள் வெளியே சேமித்த காப்புக் கோப்புகளும் பி.டி.எஃப். ரசீதுகளும் அப்படியே இருக்கும். பி.டி.எஃப்.-க்குப் பூட்டு கிடையாது, அதையும் கவனத்தில் வையுங்கள்.

சில நிறுவனங்களின் போன்களில், பழைய போனிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றும்போது இந்தக் கணக்கும் கூடவே போகலாம். உங்கள் இரண்டு போன்களுக்கு இடையில் மட்டுமே நடப்பது அது. பழைய போனை விற்பதாக இருந்தால் முழுவதும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

நீங்களாகப் பகிர்வது

"பாக்கி விவரம் அனுப்பு" அழுத்தினால் வாட்ஸ்அப், எஸ்.எம்.எஸ். போன்றவற்றின் வரிசை திறக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த செயலியிடம் அந்த ஒரு வாடிக்கையாளரின் விவரம் மட்டும் ஒப்படைக்கப்படும். அதன் பிறகு அந்தச் செயலியின் கொள்கைதான். யாருக்கு அனுப்புகிறோம் என்று ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். குடும்பக் குழுவில் போய் விழுந்தால் திரும்ப எடுப்பது கஷ்டம்.

எனக்குத் தெரியவரும் சில விஷயங்கள்

கூகுள் பிளே ஸ்டோர் ஒவ்வொரு டெவலப்பருக்கும் சில மொத்தக் கணக்குகளைக் காட்டும்: எத்தனை போன்களில் செயலி இருக்கிறது, எந்த நாடு, எந்த மாடல், எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு. அதில் யார் என்று தெரியாது. உங்கள் போனின் பயன்பாட்டுத் தகவலையும் பிழைத் தகவலையும் கூகுளுடன் பகிர நீங்கள் சம்மதித்திருந்தால், செயலி நின்றுபோகும்போது எந்த வரியில் நின்றது என்ற குறிப்பை ஆண்ட்ராய்டே அனுப்பும். அது எனக்கும் தெரியும். அந்தக் குறிப்பில் பெயரோ தொகையோ கலந்துவிடாதபடி பிழைச் செய்திகளை எழுதியிருக்கிறேன். ஸ்டோரில் நீங்கள் எழுதும் விமர்சனம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதில் வாடிக்கையாளர் விவரம் எதையும் குறிப்பிடாதீர்கள்.

எனக்கு மின்னஞ்சல் எழுதினால் உங்கள் முகவரியும் எழுதியதும் என் அஞ்சல்பெட்டியில் இருக்கும். பதில் சொல்ல மட்டுமே பயன்படுத்துவேன். பிரச்சினை முடிந்து 90 நாட்களுக்குள் அழித்துவிடுவேன். காப்புக் கோப்பையோ கணக்குப் பக்கத்தின் படத்தையோ அனுப்ப வேண்டாம், நானும் கேட்க மாட்டேன். என் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

சட்டமும் சிறுவர்களும்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தன்னைப் பற்றிய தகவலைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கக் கேட்கவும் மக்களுக்கு உரிமை தருகிறது. நோட்டில் உள்ளவை என்னிடம் இல்லாததால் அவற்றை உங்கள் போனில்தான் செய்ய முடியும்; மூன்றுக்கும் செயலியில் வழி உண்டு. மின்னஞ்சல் வழியாக என்னிடம் வந்ததை அழிக்கச் சொன்னால் உடனே அழிப்பேன். செயலி 18 வயது நிரம்பிய வியாபாரிகளுக்கானது.

கொள்கை மாறினால்

இணைய அனுமதியை ஒரு செயலி பின்னாளில் அப்டேட்டில் சேர்த்தால், ஆண்ட்ராய்டு உங்களிடம் கேட்காமலே கொடுத்துவிடும். பலருக்கு இது தெரியாது. அதனால் இங்கே எழுதியே தருகிறேன்: பற்று நோட்டில் இணைய அனுமதியைச் சேர்க்க மாட்டேன். ஆன்லைன் வசதி வேண்டும் என்று பலர் கேட்டால் அதை வேறு பெயரில் தனிச் செயலியாகத்தான் செய்வேன். செயலியை வேறொருவருக்கு விற்கவும் மாட்டேன். நடத்த முடியாமல் போனால் ஸ்டோரிலிருந்து எடுத்துவிடுவேன், உங்கள் போனில் இருப்பது வழக்கம்போல் ஓடும்.

மற்ற மாற்றங்கள் வந்தால், அப்டேட்டுக்குப் பின் முதல்முறை திறக்கும்போது எது மாறியது என்பது முதல் திரையிலேயே தமிழில் வரும்.

தொடர்புக்கு

ஸ்டோரில் பற்று நோட்டின் பக்கத்தில், டெவலப்பர் தொடர்பு என்ற இடத்தில் என் மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. செயலிக்குள் "உதவி" பகுதியிலும் அதே முகவரி உண்டு. தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். ஏழு நாட்களுக்குள் பதில் தருவேன். புயல், மின்தடை என்றால் இரண்டொரு நாள் தள்ளிப்போகலாம்.