தம்பிக்கு: ஞாயிற்றுக்கிழமை பூட்டு விளையாட்டு, முழுத் திட்டம்

நான் பிறந்தநாள் கேக் வேலையில் இருப்பேன், அதனால் நடத்துவது நீதான். ஆறு பிள்ளைகள், எல்லாருக்கும் பத்து வயதுக்குப் பக்கம். 45 நிமிடம். ஹாலை விட்டு வெளியே எதுவும் இல்லை, அறைக் கதவு எதையும் பூட்டாதே.

நடுவில் பரிசுப் பெட்டி, அதில் சாவிப் பூட்டு. இந்தக் கடிதத்தை நீயே உரக்கப் படித்துவிட்டு அவர்கள் கையில் கொடு:

அன்பான துப்பறிவாளர்களே, பரிசைப் பூட்டிவிட்டேன்!
லட்சம் முறை தட்டினாலும் திறக்காது.
மாயமாய் மறைந்த சாவியை யார் கண்டுபிடிப்பீர்கள்?
ரிப்பனைத் தொடும் முன், வரிகளின் தலையைப் பாருங்கள்.

முதல் எழுத்துகளைச் சேர்த்தால் அலமாரி. அங்கே நீலப் பெட்டி, மூன்று எண் பூட்டு, மேலே ஒட்டிய சீட்டு:

வானவில்லைப் பார்த்து எறும்பு சிரித்தது, சிலந்தி முறைத்தது.
நிறத்தை எண்ணு, காலை எண்ணு, மறுபடியும் காலை எண்ணு.

விடை 768. பிறந்த தேதியை எண்ணாக வைக்கலாம் என்றாயே, வேண்டாம். அதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்கள். மொத்தம் 1000 எண்கள்தான், பொறுமையான பிள்ளை ஒன்று வரிசையாகத் திருப்பியே திறந்துவிடும். மூன்று தவறு செய்தால் ஒரு நிமிடம் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடு. திறந்த பூட்டை உடனே வாங்கி வைத்துக்கொள். சில பூட்டுகளில் திறந்திருக்கும்போது நோண்டினால் எண்ணே மாறிவிடும்.

நீலப் பெட்டிக்குள் இருக்கும் சீட்டு:

என் முகம் ஆறு துண்டு. ஆளுக்கு ஒன்றுதான் எடுக்கலாம்.
சேர்த்த பின் முதுகைப் பாருங்கள்.

இது பிறந்தநாள் பெண்ணின் குழந்தைப் படம். ஐந்து துண்டுகள் சோபா இடுக்கு, திரைச்சீலை, மிதியடி என்று ஒளிந்திருக்கும். ஆறாவது உன் சட்டைப் பையில், நுனி மட்டும் தெரியட்டும். ஆளுக்கு ஒன்று என்பதை விட்டுவிடாதே. இல்லாவிட்டால் ஓட்டக்காரன் எல்லாவற்றையும் அள்ளிவிடுவான், கூச்சப்படும் பிள்ளை சுவரோடு நிற்கும். படத்தின் பின்னால் ௩௯௫ என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். தமிழ் எண் அட்டவணை கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்தால் 395, சிவப்புப் பெட்டி திறக்கும். பெட்டி டிவிக்குப் பக்கத்திலேயே இருக்கும், ஒளிக்க வேண்டாம். அதில் கடைசிச் சீட்டு:

மூச்சுக் கொடுத்தால் வயிறு பெருக்கும்,
முள் பட்டால் உயிர் போகும்.
கலகலக்கிறவனை மட்டும் உடை!

பன்னிரண்டு பலூன் தொங்கும், ஒன்றில்தான் சாவி. ஊதும் முன்பே சாவியைப் போட்டுவிடு. குண்டூசி உன்னிடமே இருக்கட்டும், எந்தப் பலூன் என்று அவர்கள் காட்டினால் நீ உடை.

ஐந்து நிமிடம் நகராவிட்டால் ஒரு குறிப்பு கொடு, விடையைச் சொல்லாதே. "கதவை மூடிப் பார்த்தீர்களா?" போதும். 40 நிமிடம் தாண்டினால் தாராளமாக உதவு, கேக் காத்திருக்கும். அப்புறம், சனி இரவே இரண்டு எண் பூட்டையும் மூடித் திறந்து சோதித்துவிடு. பரிசுப் பூட்டின் மாற்றுச் சாவி ஃப்ரிட்ஜ் மேலே இருக்கிறது.