எவ்வளவு? எவ்வளவு உறுதியாக?

மதிப்புக்குரிய முதல்வர் அவர்களே, துறைத் தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் அளவியல் ஆய்வாளர் அவர்களே, பேராசிரியர்களே, பிற கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, இரண்டு நாளாகத் தூக்கமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் துறைத் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

கருவியியல் துறை மாணவர் மன்றத்தின் இணைச் செயலாளர் என்ற முறையில், இந்தக் கருத்தரங்கின் மையக்கருத்தையும் இதை நடத்துகிறவர்களையும் அறிமுகப்படுத்தும் வேலை எனக்குத் தரப்பட்டிருக்கிறது.

முதல் கூட்டத்தில் நாங்கள் முடிவு செய்த தலைப்பு வேறு. ‘நாளைய உலகுக்கான தொழில்நுட்பங்கள்’. எல்லோரும் கைதட்டினோம். எங்கள் ஆலோசகர் பேராசிரியர் மட்டும், “சரி, இந்தத் தலைப்பில் அடங்காத ஒரு கட்டுரை சொல்லுங்கள்” என்றார். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. “எல்லாமே அடங்குகிறது என்றால் அது தலைப்பா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதே வாரம் ஆய்வகத்தில் எனக்கு ஒன்று நடந்தது. எல்எம்35 என்ற வெப்பநிலை உணரியை ஒரு மைக்ரோகன்ட்ரோலருடன் இணைத்து, அறை வெப்பநிலையைத் திரையில் காட்டும் சின்ன வேலை. என் லேப்டாப்பில் செருகினால் 29.79 டிகிரி. நண்பனின் லேப்டாப்பில் செருகினால் 27.83. அதே மேசை, அதே உணரி. பக்கத்தில் இருந்த பாதரச வெப்பமானியில் 28. முதலில் உணரி பழுது என்று நினைத்து மாற்றினேன். புதியதும் அதையேதான் சொன்னது.

கடைசியில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. என் லேப்டாப்பின் யுஎஸ்பி 5 வோல்ட் தரவில்லை, 4.7தான் தந்தது. நிரலோ அதை 5 என்று நம்பிக் கணக்குப் போட்டது. இன்னொன்றும் அங்கேயே தெரிந்தது. 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்தால் ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட். இந்த உணரி ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். அப்படியானால் என் கருவியால் அரை டிகிரிக்குக் குறைவான மாற்றத்தைப் பார்க்கவே முடியாது. ஆனால் நான் திரையில் தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த 0.79-ல் உண்மை எவ்வளவு, அலங்காரம் எவ்வளவு என்று எனக்கே தெரியாது.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். பேராசிரியர் சிரித்துவிட்டு, “எறும்பும் தன் கையால் எண் சாண்” என்றார். பாட்டிமார் சொல்லும் பழமொழி. எறும்பின் கையால் அளந்தால் எறும்பும் எட்டுச் சாண் உயரம்தான். என் லேப்டாப்பும் தன் கையால்தான் அளந்துகொண்டிருந்தது. அன்றே தலைப்பு முடிவானது: ‘அளவீடு: எவ்வளவு? எவ்வளவு உறுதியாக?’

இது கருவியியல் மாணவர்களின் கவலை மட்டும்தானே என்று மற்றத் துறை நண்பர்கள் நினைக்க வேண்டாம். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றது. தேவைப்பட்டது 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக மாற்ற 0.8 என்ற எண்ணால் பெருக்கியிருக்க வேண்டும். அவர்கள் பயன்படுத்தியது 1.77. அது ஒரு லிட்டரின் எடையைப் பவுண்டில் சொல்லும் எண். பெருக்கலில் பிழையில்லை, அலகில்தான் பிழை. விமானிகள் இயந்திரம் ஓடாத விமானத்தை கிம்லி என்ற இடத்தில் பழைய விமானப்படை ஓடுதளத்தில் சறுக்கி இறக்கியதால் அதிலிருந்த அனைவரும் பிழைத்தார்கள்.

கணினித் துறை நண்பர்களுக்கு ஒன்று. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். ஒரு பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு நொடி அலகில் எண்ணிக்கொண்டிருந்தது. 0.1 என்பதை இரும எண்ணில் எழுதினால் அது முடிவே இல்லாமல் நீளும். 24 பிட்டோடு வெட்டினார்கள். வெட்டுப்பட்ட துண்டு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. ஆனால் அமைப்பு ஏறக்குறைய 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அது 0.34 நொடியாக வளர்ந்துவிட்டது. எதிரே வருவது நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஏவுகணை. தடுக்க முடியவில்லை. 28 வீரர்கள் இறந்தார்கள்.

அளவுகோலே நிலையாக இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. பாரிஸ் அருகே பூட்டி வைத்திருந்த ஓர் உலோக உருளைதான் 2019 மே 20 வரை உலகத்துக்கே கிலோகிராம். இன்று அது பிளாங்க் மாறிலியிலிருந்து வருகிறது. இதைப் பற்றி நம் சிறப்பு விருந்தினரே விரிவாகப் பேசப் போகிறார், நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்புறம், இதை நடத்துகிறவர்கள். பெயர்கள் எல்லாம் உங்கள் கையில் உள்ள நிகழ்ச்சி நிரலின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே இல்லாததை நான் சொல்கிறேன்.

மேடைக்கு வலப்பக்கம் வாக்கி டாக்கியோடு நிற்பவர் எங்கள் மாணவர் ஒருங்கிணைப்பாளர், இறுதி ஆண்டு அக்கா. கட்டுரைக்கான விதிகளில் ஒரு வரி சேர்த்தவர் அவர்தான்: ‘முடிவாகத் தரும் ஒவ்வோர் எண்ணுக்கும் அலகும் பிழை வரம்பும் இருக்க வேண்டும்.’ வந்த 84 கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரிக்காகத் திருப்பி அனுப்பப்பட்டன. அவருக்கு வந்த கோபமான மின்னஞ்சல்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக, எப்படிக் கணக்கிடுவது என்று பதில் எழுதினார். திரும்பி வந்தவற்றையும் சேர்த்து 22 கட்டுரைகள் இன்று வாசிக்கப்படுகின்றன. அவற்றைத் தேர்ந்தெடுத்த குழுவில் மூன்று பேராசிரியர்களும் இரண்டு ஆராய்ச்சி மாணவர்களும் இருந்தார்கள்.

பிற்பகல் பயிற்சிப் பட்டறையை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஐந்து பேர் நடத்துகிறார்கள். வேண்டுமென்றே தவறாகக் காட்டும் பன்னிரண்டு கருவிகளைச் செய்து வைத்திருக்கிறார்கள். எது, எவ்வளவு, ஏன் தவறு என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அதில் ஒன்று என்னுடைய பழைய வெப்பமானி. ‘கண்ணளவு’ போட்டியை இரண்டாம் ஆண்டினர் கவனிக்கிறார்கள். அதில் அளவு நாடா, மொபைல் எதற்கும் அனுமதி இல்லை.

பதிவு மேசை, வழிகாட்டல், ஒலி ஒளி எல்லாம் முதலாம் ஆண்டு மாணவர்கள். வரவு செலவைப் பார்க்கும் எங்கள் பொருளாளர் ஒரு காகிதக் கட்டு வாங்கக்கூட மூன்று விலை கேட்பவர், அதனால் பணம் மிச்சம். எந்தப் பட்டியலிலும் பெயர் வராத ஒருவர் எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன். நேற்று இரவு பதினொரு மணி வரை இருந்து பட்டறைக் கருவிகள் அனைத்தையும் சரிபார்த்துக் கொடுத்தார். தவறாகக் காட்ட வேண்டியவை சரியாகத் தவறு காட்டுகின்றனவா என்று. அண்ணா, கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ள வேண்டாம், ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள்.

ஒரு ஒப்புதல் வாக்குமூலம். எனக்குப் பின்னால் உள்ள பதாகையின் இடது ஓரத்தில் ஒரு சாண் இடைவெளி தெரிகிறது, பார்த்திருப்பீர்கள். மேடையை மூன்று பேர் அளந்தோம், மூன்று எண் வந்தது, சராசரி எடுத்து அச்சுக்குக் கொடுத்தோம். மூவரில் ஒருவர் அளந்தது அடியில் என்பது பதாகை வந்த பிறகுதான் தெரிந்தது. அவர் மாற்றிச் சொன்னதில் கொஞ்சம் குறைந்துவிட்டது. அந்த இடைவெளியை மறைக்க வேண்டாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இரண்டு நாளும் அது அப்படியேதான் இருக்கும்.

ஒரு சிறு மாற்றம்: மூன்றாம் அமர்வுக் கட்டுரைகள் கருத்தரங்கக் கூடத்துக்குப் பதிலாக, மாடியில் உள்ள அளவியல் ஆய்வகத்தில் நடக்கும். இப்போது தலைமையுரை ஆற்ற நம் துறைத் தலைவர் அவர்களை அன்போடு அழைக்கிறேன்.