படத்தில் கிடாரம் மட்டும்தான்

வாழ்த்துச் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பிறந்தநாள் போய்ப் பத்து நாளாகிவிட்டது. அதற்காக ஐந்து பேராகச் சமைத்து ஒரு பராமரிப்பு இல்லத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். பதிவு பிந்தியது வேண்டுமென்றேதான், காரணம் கீழே வரும்.

படத்தில் இருப்பது 30 லீற்றர் அலுமினியக் கிடாரம். கழுவி, திருகோணமலை உவர்மலை வீட்டு முற்றத்தில் கவிழ்த்து வைத்தது. பக்கத்தில் இரண்டு அகப்பை, ஒரு நெளிந்த மூடி. அன்றைக்கு அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்கள் படத்தில் இல்லை, இந்த எழுத்திலும் இல்லை. எந்த இல்லம், ஊரில் எந்தப் பக்கம், முதியவர்களா பிள்ளைகளா பெண்களா, எத்தனை பேர் என்று எதுவும் எழுதப்போவதில்லை. மற்றதெல்லாம் கிராம் கணக்கில் இருக்கிறது, ஏனென்றால் ‘எப்படிச் செய்தீர்கள்’ என்று இன்பொக்ஸில் கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர். கீழே உள்ள அளவுகள் 50 பேருக்கு என்று மாற்றி எழுதியவை. அங்கே இருந்தவர்களின் எண்ணிக்கை அது இல்லை, அதை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

முதலில் நாள். இப்படியான இல்லங்களில் சாப்பாட்டுக்கென்று ஒரு கொப்பி இருக்கும். ஞாயிறு, போயா, பொங்கல், கிறிஸ்மஸ் எல்லாம் எப்போதோ நிரம்பிவிடும். ஒரே மத்தியானத்துக்கு இரண்டு வீட்டுச் சாப்பாடு வந்து, பின்னேரம் சோறு வாளியோடு கொட்டப்படுவதும் உண்டு. நடுக்கிழமையில்தான் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். அதனால் பிறந்த திகதியைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், இரண்டு கிழமைக்கு முன்பே பொறுப்பாளரிடம் கேட்டு, அவர் சொன்ன புதன்கிழமையை எடுத்தோம். கூடவே கேட்டவை: சீனி வருத்தம், பிறெஷர் உள்ளவர்கள் இருக்கிறார்களா, கடித்துச் சாப்பிட முடியாதவர்கள் இருக்கிறார்களா, யாருக்காவது எது ஒத்துக்கொள்ளாது, இறைச்சி மீன் வேண்டுமா. திருகோணமலையில் ஒரே கூரையின் கீழ் பல சமயத்தவரும் இருப்பது புதினமில்லை. கோழி என்றால் ஹலால் கடை, வேறு சட்டி, விரதக்காரருக்கு வேறு கறி என்று வேலை பிரியும். முழுக்க மரக்கறி என்று வைத்தால் ஒரே வரிசையில் எல்லாரும் உட்காரலாம்.

கடைசியாக ஒரு கேள்வி, சாப்பாட்டை விட்டு: வேறு என்ன இல்லை? பதில் ஆறு எல்.ஈ.டி பல்ப், மூடி உள்ள குப்பை வாளி இரண்டு, குசினிப் பைப்புக்கு ஒரு வாஷர். கேட்காமல் போயிருந்தால் பிஸ்கட் பெட்டிதான் கொண்டுபோயிருப்போம். பிஸ்கட் எல்லா இல்லத்திலும் அலுமாரி நிறையக் கிடக்கிறது.

சாமான் (50 பேருக்கு): சம்பா அரிசி 7 கிலோ, மைசூர்ப் பருப்பு 2 கிலோ, கத்தரிக்காய் 5 கிலோ, பூசணிக்காய் 5 கிலோ, பொன்னாங்காணி 30 பிடி, சின்ன வெங்காயம் 2 கிலோ, பச்சை மிளகாய் அரைக் கிலோ, தேங்காய் 16 (அதில் 4 பாயாசத்துக்கு), தேங்காயெண்ணெய் 3 லீற்றர், அப்பளம் 120. பாயாசத்துக்குச் சவ்வரிசி 1 கிலோ, சேமியா 400 கிராம், சீனி ஒன்றரைக் கிலோ, கஜுவும் பிளம்ஸும் கால் கிலோ வீதம்.

7 கிலோ அரிசியையும் ஒரே கிடாரத்தில் போட்டால் அடி பிடிக்கும், நடு வெந்திருக்கும், மேல் அரிசியாகவே இருக்கும். மூன்றரை மூன்றரையாக இரண்டு தடவை. ஒவ்வொரு தடவைக்கும் 15 லீற்றர் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு அரிசி போட்டு, பதத்துக்குச் சற்று முன்பே வடித்துவிட வேண்டும். மூடியோடு இருக்கும் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும். வீட்டுக் காஸ் அடுப்பில் இது சரிவராது. நெருப்பு நடுவில் மட்டும் படும், கிடாரத்தின் விளிம்பு ஆறிப்போயிருக்கும். முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகு எரித்தோம்.

சோற்றை முதல்நாள் இரவே வடித்து வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. ஆறிக் கிடக்கும் சோற்றில் வளரும் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. நம் ஊர் வெக்கையில் தேங்காய்ப்பால் கறிக்கும் இதே கதை. அடுப்பால் இறக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் இலைக்குப் போக வேண்டும், நல்ல வெயில் நாளில் ஒரு மணித்தியாலத்துக்குள். முதற்பாலைக் கடைசியில் விட்டு ஒரே ஒரு கொதி. அதற்கு மேல் கொதித்தால் பால் திரிந்துவிடும்.

கத்தரிக்காயை வெட்டியதும் மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். பொரிக்க முன் நன்றாகப் பிழியாவிட்டால் வாங்கிய எண்ணெய் எல்லாம் அதுவே குடித்துவிடும். பருப்பு ஆற ஆற இறுகும், ஆகவே கொஞ்சம் தண்ணீராகவே இறக்கி, ஒரு போத்தல் சுடுதண்ணீரும் கூடக் கொண்டுபோக வேண்டும். தாளிக்க முன் ஒரு சட்டி பருப்பை உறைப்பில்லாமல், உப்புக் குறைத்து வேறாக எடுத்து வைத்தோம். பூசணிக்காயை முக்கால் பதத்தில் இறக்கியும், போய்ச் சேரும்போது பாதி கரைந்துவிட்டது. இந்த அளவில் அரைப் பதம் காணும். உப்பைப் பத்துப் பேர் கணக்கை ஐந்தால் பெருக்கிப் போட்டால் கைக்கும். முக்கால்வாசி போட்டு, மிச்சத்தை ருசி பார்த்துப் போடுவதுதான் வழி. கஜு பாயாசத்தில் போகவில்லை, வேறு கிண்ணத்தில் போனது. ஒத்துக்கொள்ளாதவர் ஒருவர் இருந்தாலும் முழுப் பாயாசமும் அவருக்கு இல்லாமல் போய்விடும்.

ஓட்டோவில் ஏற்றும்போது கிடாரம் முக்கால்தான் நிறைந்திருக்க வேண்டும், அடியில் நனைத்த சாக்கைச் சுருட்டி வளையமாக. வேகத்தடை ஒன்றே போதும் சொதி முழுக்கக் காலில் ஊற்ற. அப்பளம் ஆறின பிறகே தகரத்தில் அடைக்கலாம். கடற்காற்று பட்டால் கால் மணித்தியாலத்தில் துவண்டுவிடும்.

சமைத்தது ஐந்து பேர். உள்ளே போனது மூன்று பேர், அதுவும் பொறுப்பாளர் சொன்ன கணக்கு. அது அவர்களுடைய வீடு, தெரியாத முகங்கள் குசினியிலும் விறாந்தையிலும் நிறைந்து நிற்பது நல்லதில்லை. கேக் இல்லை, மெழுகுதிரி இல்லை, பாட்டும் இல்லை. கேக் வெட்டினால் சாப்பிட இருப்பவர்கள் எழும்பி நின்று கைதட்ட வேண்டிவரும். பிறந்தநாளுக்கான சாப்பாடு என்று பொறுப்பாளருக்கு மட்டும் தெரியும். பார்சலாகக் கட்டிக் கையில் கொடுக்கவும் இல்லை. மேசையில் சட்டிகளை வைத்தோம், அவரவர் தட்டில் அவரவர் போட்டார்கள், எங்கள் மூவருக்கும் அதே சட்டிதான். பிறகு பாத்திரம் தேய்த்தது ஒன்றரை மணித்தியாலம். மிச்சத்தை வெளியே கொட்டவில்லை. ரவுனுக்குள் திரியும் புள்ளிமான்கள் கறி மணம் பிடித்த பொலித்தீனையும் சேர்த்துத் தின்னும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். லஞ்ச் ஷீட் ஒன்றுகூட எடுக்காததற்கும் அதுதான் காரணம்.

இனி, ‘ஒரு படம்கூடவா இல்லை?’ என்று கேட்டவர்களுக்கு.

ஐந்து போனும் வரும்போதே நிறுத்தி ஒரே பையில். ஓட்டோக்காரத் தம்பியிடம் மட்டும் ஒன்று, அதுவும் கேற்றுக்கு வெளியே. முகத்தை மங்கலாக்கிப் போடலாமே என்றால், அது ஆளைத் தெரியாதவர்களுக்குத்தான் மறைக்கும். தேடி வருகிறவருக்கு அந்தச் சட்டை, அந்தக் காப்பு, நிற்கிற விதம் போதும். முதுகுப் பக்கமும் அப்படித்தான். ‘கை மட்டும்’ எடுத்தால் கையில் தழும்பு இருக்கும். ஆளே இல்லாமல் சுவரை எடுத்தால், யன்னலுக்குள்ளால் கோயில் கோபுரமோ சுவாமிமலையோ தெரியும். இந்த ஊரில் மலை எந்தப் பக்கம் தெரிகிறது என்பதை வைத்தே தெருவைச் சொல்லிவிடுவார்கள். எவர்சில்வர் மூடி கண்ணாடி மாதிரி, குனிந்து எடுப்பவரின் பின்னால் நிற்பவர் எல்லாரும் அதில் இருப்பார்கள். போன் கமராவில் இடக்குறிப்பு இயங்கினால் படத்துக்குள்ளேயே ஆள்கூறு பதிவாகும். பேஸ்புக் அதைக் கழற்றிவிடலாம், வட்ஸ்அப்பில் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். அன்றன்றே ஸ்டேட்டஸ் போட்டால், எத்தனை மணிக்கு எந்த ஓட்டோ எந்தத் தெருவால் போனது என்பதோடு சேர்த்துப் பார்ப்பது சுலபம். பதிவு பத்து நாள் பிந்தியது இதனால்தான்.

கேட்டுவிட்டு எடுக்கலாம்தானே? கையில் தட்டோடு நிற்பவரிடம் சோறு கொண்டுவந்தவர் கேட்டால் அவர் எப்படி மாட்டேன் என்பார்? அந்த இடத்தில் வரும் ‘ஓம்’ விருப்பம் ஆகாது. பொறுப்பாளர் உள்ளே வர விட்டது சாப்பாட்டுக்கு, கமராவுக்கு இல்லை. சட்டம் வேண்டுமென்றால், சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைப் பற்றியது, இலங்கை அதை ஏற்றது 1991இல். பெரியவர்களுக்கு அப்படி ஒரு உறுப்புரையைத் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கதையும் படம்தான். ‘ஒரு அம்மா சொன்னா’ என்று பெயரில்லாமல் எழுதினாலும், ஊர் பெயரும் வயதும் வந்த கதையும் சேர்ந்தால் தம்பலகாமத்திலோ மூதூரிலோ இருக்கும் ஒரு மச்சாளுக்கு ஆளைத் தெரிந்துவிடும். எங்களுக்குச் சொன்னது எங்களோடு நிற்கட்டும்.

கொமென்ட்டில் இரண்டு காரியம் வேண்டாம். இடம் தெரிந்தவர்கள் ‘ஓ, அங்கேயா’ என்று எழுதாதீர்கள், ஊகம் என்றாலும் அழித்துவிடுவோம். கூட வந்த நால்வரையும் டாக் பண்ணாதீர்கள், அவர்களின் அன்றைய பதிவுகளைச் சேர்த்தால் வழி தெரியும். சாப்பாடு கொடுக்க விரும்புபவர்கள் உங்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேளுங்கள், எங்கே எந்த நாள் தேவை என்று அவருக்குத் தெரியும். செலவுக் கணக்கு வேண்டுமென்றால் இன்பொக்ஸ்.

கிடாரம் இரவல் தருவோம். இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள், மூடியை மட்டும் கொஞ்சம் அழுத்திப் பூட்ட வேண்டும்.