கிணற்றுக் கயிற்றின் முடிச்சு

தங்கப்பனின் கிணற்றுக் கயிற்றில் ஒரு முடிச்சு உண்டு. கும்பப்பூ அறுவடை முடிந்த மாசிக் கடைசியில், வாளி தண்ணீரைத் தொடும்போது கயிறு கைப்பிடிச் சுவரைத் தாண்டும் இடத்தில் அவருடைய அப்பா போட்ட முடிச்சு அது. கயிறு இற்றுப்போனால் புதுக்கயிற்றைப் பழையதோடு அளந்து, அதே இடத்தில் மறுபடி முடிச்சிடுவது அந்த வீட்டு வழக்கம்.

வயலுக்குக் கிழக்கே கோரைப்பள்ளம் கிடந்தது. ஆனி மழையையும் ஐப்பசி மழையையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஆம்பலும் கோரையும் தாழையும் மண்டி, நாமக்கோழியும் முக்குளிப்பானும் திரிய, கோடை வரைக்கும் அது ஈரம் காயாமல் கிடக்கும். அதை வாங்கியவர் பழையாற்றுக்கு ஒரு வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, வாழை வைத்தார். கொசு ஒழியும் என்று அப்போது தங்கப்பனும் மகிழ்ந்தார்.

அடுத்த ஆனியில் ஓர் இரவு விழித்துக்கொண்டவர், தம் காது கேட்கவில்லையோ என்று பயந்துபோனார். மழை பெய்து ஓய்ந்திருந்தது; ஆனால் ஒரு தவளைகூடக் கத்தவில்லை. அந்தக் கன்னிப்பூ பயிரில் புகையான் விழுந்து, நடுவயலில் வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்தது. முன்பும் புகையான் வந்ததுண்டு, இவ்வளவு பரவியதில்லை. பூச்சி தின்னும் தவளைகள் எங்கே போயின என்று அவர் வரப்பில் நின்று நெடுநேரம் யோசித்தார்.

ஐப்பசியில் ஒரே இரவு கொட்டிய மழை, தங்குவதற்குப் பள்ளம் இல்லாமல் வயலுக்குள் புகுந்து, நட்டு பத்து நாளே ஆன நாற்றை மூன்று நாள் மூழ்கடித்தது. அதன் பிறகு தண்ணீர் வாய்க்கால் வழியே பழையாற்றில் விழுந்து, மணக்குடி தாண்டிக் கடலுக்குப் போய்விட்டது. மாசியில் வாளி தண்ணீரைத் தொடவில்லை. கயிற்றை இன்னும் இரண்டு முழம் இறக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் அவர் இரண்டாவது முடிச்சைப் போட்டார். மறு ஆண்டு மூன்றாவது விழுந்தது.

"பாட்டா, மழைக்காலத்துல வயலு முங்குது. வெயில் காலத்துல கிணறு வத்துது. ரெண்டும் எப்படி?" என்று பேத்தி கேட்டாள்.

"தங்க இடமிருந்தா தண்ணி கொஞ்சங் கொஞ்சமா மண்ணுக்குள்ள இறங்கும், மக்களே. இப்போ வந்த உடனே ஓடிப்போகுது" என்றார்.

நான்காவது மாசியில் கயிறே எட்டவில்லை. வடசேரிச் சந்தையில் நீளமான கயிறு வாங்கி வந்து, பேத்தியை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, பழைய கயிற்றோடு சேர்த்துத் திண்ணையில் விரித்தார்.

"தண்ணி கீழ போயிட்டுதே, முதல் முடிச்சு இனி எதுக்கு, பாட்டா?"

அவர் பதில் சொல்லாமல் அளந்து பார்த்து, அப்பா போட்ட அதே இடத்தில் முதல் முடிச்சை இறுக்கினார்.