துலக்கம்: போர் தண்ணியிலும் துணி வெளுக்கும், தரை துலங்கும்

படத்தில் இருப்பது ஒரே சட்டை. ஒரு வாரம் பள்ளிக்கூடம் போய்வந்த காலர், இடது பக்கம். அதே காலரைத் துலக்கம் தூளில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிரஷ் போட்டு, இரண்டு தண்ணியில் அலசி, மொட்டை மாடியில் காயவைத்தது வலது பக்கம். மடிப்போரத்தில் மெல்லிய கோடு இன்னும் தெரிகிறதா? அதை நாங்கள் படத்திலிருந்து அழிக்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படித்தான் வரும்.

போர் தண்ணியில் துவைக்கிறவர்களுக்குத் தெரியும், சோப்பு லேசில் நுரைக்காது. தண்ணியில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து துணியிலேயே படிந்துவிடும். வெள்ளை வேட்டி மங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். அதைத் தடுக்கத்தான் துலக்கத்தில் சலவைச் சோடாவும் ஜியோலைட்டும் சேர்த்திருக்கிறோம். ஒரு வாளிக்கு இரண்டு ஸ்பூன் போதும்.

சாம்பார் சிந்திய இடம் துவைக்கும்போது சிவந்து போனால் பயப்படாதீர்கள். சலவைச் சோடாவின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், நன்றாக அலசினால் பழையபடி மஞ்சளாகும். அப்புறம் வெயிலில் போடுங்கள். வெயில் படப்பட மங்கும். ஒரே துவையலில் போய்விடும் என்று சொல்ல மாட்டோம். ரத்தக் கறையை முதலில் பச்சைத் தண்ணியில் அலசிவிட்டு ஊறப்போடுங்கள், சுடுதண்ணி பட்டால் இறுகிவிடும். வாழைக்கறையும் துருவும் எங்கள் தூளுக்குப் போகாது.

இனி தரை. இந்தக் கூடத்தைக் காலை 10 மணிக்கு, துடைத்துக் காய்ந்த பிறகு படம் எடுத்தோம். விளக்குப் போடவில்லை, ஜன்னல் வெளிச்சம்தான். கம்பிகளின் நிழல் டைல்ஸில் விழுந்திருப்பதைப் பாருங்கள்!

கூட்டிவிட்டு, அரை வாளித் தண்ணிக்கு ஒரு மூடி துலக்கம் தரை திரவம் விட்டுத் துடையுங்கள். அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கு, காலடித் தடம், சிந்திக் காய்ந்த காபி எல்லாம் போகும். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகப் பளபளக்காது, வெள்ளைப் படலம் படிந்து காலில் பிசுபிசுக்கும். அமிலம் சேர்க்காததால் மொசைக்கையும் மார்பிளையும் அரிக்காது. அதே காரணத்தால் குளியலறை உப்புப் படிவு இதற்கு அசையாது. தேய்ந்த டைல்ஸும் புதிதாகிவிடாது. கிருமி நாசினி என்று லேபிளில் போடவில்லை, இது அழுக்கு எடுக்கும் திரவம். எலுமிச்சைப் புல் வாசனை தரை காய்ந்த பின்னும் கொஞ்ச நேரம் நிற்கும்.

துலக்கம் துணித்தூள் 1 கிலோ ரூ.110. தரை திரவம் 1 லிட்டர் ரூ.95. முதலில் பார்த்துவிட்டு வாங்க நினைப்பவர்களுக்கு ரூ.10 பாக்கெட் இருக்கிறது, ஒரு வாரத்துச் சட்டை ஒன்றை ஊறப்போட்டுப் பாருங்கள். மதுரையில் உங்கள் தெரு மளிகைக் கடையில் கேளுங்கள்.

குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும். பிளீச்சிங் பவுடருடனோ ஆசிட்டுடனோ கலக்க வேண்டாம்.